புதுப்பிப்பு: தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போன கதை

நான் முன்பு கேட்டது: "பிரேக் சர்வீஸ் செய்த மூன்றாம் நாள் தொப்பூர் இறக்கத்தில் மோதிவிட்டேன். எனக்குக் கை முறிவு, பைக்கில் வந்த இருவருக்கும் காயம். ஒர்க்‌ஷாப் பொறுப்பா?"

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை சக்கரத்தைக் கழற்றவிடவில்லை. நல்லதாப் போச்சு. முன் இடது ஹோஸ் போல்ட்டில் பழைய செம்பு வாஷர், அதன் வழியே ஆயில் கசிவு என்று அறிக்கை. பில்லில் புது வாஷருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்!

"இன்சூரன்ஸே பார்த்துக்கும்" என்ற நண்பர் பாதி சரி. பைக்காரர்கள் தீர்ப்பாயத்தில் கேட்கும் இழப்பீட்டை என் காப்பீடு தரும். என் கைக்குத் தராது. எனக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்.

வக்கீல் அக்கா சொன்னபடி, மருத்துவச் செலவுக்கும் சம்பள இழப்புக்கும் ஒர்க்‌ஷாப் மேல் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டாச்சு. 2 வருடக் கெடு உண்டு.

 

ஒர்க்‌ஷாப்காரர் பதில்: "பிரேக்கில் இரண்டு தனித்தனி ஆயில் சுற்று உண்டு, ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும், நீங்கள்தான் கியரைக் குறைக்கவில்லை." உண்மையில் நாலாம் கியரில்தான் இறங்கினேன். அதற்காக இழப்பீட்டில் எவ்வளவு குறைப்பார்களோ, அடுத்த வாய்தாவில் தெரியும்.