அப்பாவின் கடைக்கு 25 வருடம்: நன்றி சொல்ல ஒரு நிமிட வீடியோ எடுத்த அனுபவம்

சைதாப்பேட்டை மளிகை

1999 ஆவணியில் அப்பா திறந்த மளிகைக் கடை இது. 2024இல் 25 வருடம் முடிந்தபோது, வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வீடியோ எடுத்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். முதல் தடவை எடுத்தது முழுக்க வீணாகப் போனது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பி ஒரு பக்கத்துக்கு உரை எழுதிக் கொடுத்தான். "எங்கள் பேரன்புக்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே" என்று தொடங்கும். தினமும் இருநூறு பேரிடம் பேசுகிற மனுஷன், அந்தத் தாளைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிப்பதுபோல் ஆகிவிட்டார். கல்லாவில் உட்கார வைத்து உள்ளேயிருந்து எடுத்ததால் அவருக்குப் பின்னால் தெரு வெளிச்சம், முகம் கன்னங்கரேல். சுவரில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. பால் வைக்கிற ஃப்ரிட்ஜின் உறுமல் அவர் குரலுக்கு மேல் கேட்டது.

இரண்டாவது தடவை தாளை எடுத்து வைத்துவிட்டோம். காலை ஆறரை மணி, நான் தெருவுக்கு முதுகைக் காட்டி நடைபாதையில் நின்றேன், அப்பா வாசற்படிக்கு இரண்டு அடி உள்ளே. வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் பத்து நிமிடம் நிறுத்தினோம் (பால் கெடாது, கவலை வேண்டாம்). அப்புறம், பால் வாங்க வந்த பக்கத்துத் தெரு அக்காவை என் போனை ஒட்டி நிற்கச் சொல்லி, "அப்பா, அக்காகிட்ட சொல்லுங்க, வெள்ளம் வந்தப்ப என்ன ஆச்சுன்னு" என்றேன். அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிட்டார்.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கடைக்குள் மார்பளவு தண்ணீர். அரிசி, பருப்பு போனதைவிட அவருக்குப் பெரிய கவலை பற்று நோட்டு. அது இன்னும் இருக்கிறது. பக்கங்கள் ஊதி அப்பளம்போல் மொறமொறவென்று கிடக்கும், நீல மை பரவி எண்கள் எல்லாம் கரைந்துவிட்டன, பென்சிலில் எழுதிய பெயர்கள் மட்டும் தெரிகின்றன. தண்ணீர் வடிந்து கடையைக் கழுவிக்கொண்டிருந்த நாலாவது நாளிலிருந்து ஒவ்வொருவராக வந்து, "அண்ணாச்சி, என் கணக்கு இவ்வளவு" என்று அவர்களாகவே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டி 340 ரூபாய் கொடுத்தார். அப்பாவுக்கு நினைவிருந்த கணக்கு 290.

அதற்குத்தான் நன்றி சொல்ல நினைத்தோம். ஷாட் ஒன்றும் பெரிதாக இல்லை: ஷட்டர் தூக்குகிற கை, தராசில் கொட்டும் துவரம் பருப்பு, நூல் சுற்றிப் பொட்டலம் கட்டுகிற விரல்கள், அந்த நோட்டைக் கிட்டத்தில், பிறகு அப்பா முகம். ஒவ்வொன்றும் ஐந்து ஆறு விநாடி, முகம் மட்டும் அரை நிமிடம். மொத்தம் 58 விநாடி.

கடைசி வரிக்குத்தான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் அது ஏற்கெனவே கடையில் இருந்தது. பையை எடுத்துக் கொடுக்கும்போது யாராக இருந்தாலும் அப்பா "பாத்துப் போயிட்டு வாங்க" என்பார். அதையே கேமராவைப் பார்த்துச் சொன்னார், முடித்துவிட்டோம்.

உங்கள் கடையில் எப்படி எடுத்தீர்கள்?

சாலிகிராமம் கேமரா

இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். முகத்துக்கு வெளிச்சம் வந்தது நின்ற இடத்தால்தான், அதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பட்டை ஓடியதற்குக் காரணம் நம்ம ஊர் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும், போன் அந்தத் தாளத்தோடு சேராமல் படம் பிடித்தால் பட்டை தெரியும். போனில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்து, விநாடிக்கு 25 ஃபிரேம் கிடைத்தால் அதையும் வையுங்கள், பட்டை நின்றுவிடும். அந்த வசதி இல்லை என்றால் லைட்டை அணைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுப்பதே சுலபமான வழி.

இன்னொன்று, முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் பின்னால் ஒரு வெள்ளைப் பஸ் போனாலே முகம் இருண்டு திரும்ப வெளுக்கும். கடைக்காரர் போன் என்றால் முதலில் லென்ஸைத் துடையுங்கள். மாவும் எண்ணெயும் படிந்த லென்ஸில் எல்லாமே பனி மூட்டமாகத்தான் வரும். பேசி முடித்ததும் உடனே நிறுத்தாதீர்கள், இன்னும் மூன்று விநாடி ஓடட்டும், கடைசி வார்த்தை வெட்டுப்படாது.

தி.நகர் பாத்திரம்

பட்டை எல்லாம் எல்ஈடியால் வருவது. எங்கள் கடையில் பழைய சோக் டியூப் மாட்டியதும் போய்விட்டது. கடைசி வரி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. "போயிட்டு வாங்க" கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு வரி போட்டால்தான் ஆள் வருவார்கள். நாங்கள் போட்டோம், அந்த வாரம் கூட்டம் வந்தது.

சாலிகிராமம் கேமரா

சோக் டியூப்பும் மினுங்கும் சார், பழைய வீடியோ எல்லாவற்றிலும் அதே தொல்லைதான். மலிவான எல்ஈடியில் இன்னும் மோசமாகத் தெரியும், அவ்வளவுதான். உங்களுக்கு நின்றுபோனது போன் தானாகச் சரிசெய்துகொண்டதால் இருக்கும்.

பெரம்பூர் தையல்

தள்ளுபடி போட்டால் அது விளம்பரம் அண்ணா, நன்றி ஆகாது. எங்கள் பத்தாம் வருட வீடியோவில் நான் அதைத்தான் செய்தேன், பார்த்தவர்கள் எல்லாரும் ரேட் மட்டும் கேட்டார்கள். எனக்கு வந்த இன்னொரு சிக்கல், ஒரு பிரபலமான சினிமாப் பாட்டைப் பின்னால் போட்டு இன்ஸ்டாவில் ஏற்றினேன், சத்தத்தையே எடுத்துவிட்டார்கள். என் குரலும் சேர்ந்து போய்விட்டது. அதன்பிறகு தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தையே பின்னால் விட்டேன், அதுதான் எங்கள் கடை மாதிரி இருந்தது.

கொளத்தூர் மீன்தொட்டி

எனக்கும் வீடியோ எடுக்கணும். தொட்டிக்குள் மீனை எடுத்தால் கண்ணாடியில் நானே தெரிகிறேன். என்ன செய்வது?

சாலிகிராமம் கேமரா

அது வேறு கதை. கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கடை லைட்டை அணைத்துத் தொட்டி லைட்டை மட்டும் எரியவிடுங்கள், போனைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வையுங்கள்.

பெரம்பூர் தையல்

மளிகைக் கடை அக்கா, ஒன்று கேட்கட்டுமா? அந்த நோட்டைக் கிட்டத்தில் காட்டினீர்களே, பெயர்கள் படிக்கிற மாதிரி தெரியவில்லையா? கடன் வைத்திருந்தார்கள் என்று ஊருக்கே தெரிந்தால் சிலருக்குச் சங்கடமாக இருக்குமே. நான் அளவு நோட்டைக் காட்டவே இல்லை, அதில் பெண்களின் பெயரும் அளவும் இருந்ததால்.

சைதாப்பேட்டை மளிகை

நல்ல கேள்வி. அப்பாவும் அதையே சொன்னார். அதனால் பெயர் தெரியாதபடி ஊதிப்போன பக்க ஓரத்தை மட்டும் எடுத்தேன், அவரும் யார் பெயரையும் சொல்லவில்லை. பால் வாங்க வந்த அக்காவையும் கேட்டுவிட்டுத்தான் அவர் கை மட்டும் வருவதுபோல் வைத்தேன். பிறகு கோப்பை டாக்குமெண்டாக அனுப்பினேன், நேராக வீடியோவாக அனுப்பியபோது பருப்பு எல்லாம் மொத்தையாகத் தெரிந்தது.

ஆனால் இதில் எது சரி என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அந்த 340 ரூபாய் பாட்டி வீடியோவை மகன் போனில் பார்த்துவிட்டு மறுநாள் கடைக்கு வந்தார். "ஏன் அண்ணாச்சி, யார் யாரோ வந்தாங்கன்னு சொன்ன, என் பேரைச் சொல்லலையே" என்றார். அப்பா பதில் சொல்லாமல் அரைக் கிலோ வெல்லத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பாட்டி அதைப் பற்றில் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.