மண்டபம் சின்னது, பட்டியல் பெரிது: யாரை விட்டீர்கள், என்ன ஆனது?

திருமங்கலத்து அக்கா

தங்கச்சி கல்யாணம் திருப்பரங்குன்றத்தில். கோயிலில் தாலி, பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு. ஆவணி முகூர்த்த நாளில் அந்த ஊரில் மண்டபம் கிடைப்பதே பெரிய விஷயம், அதனால் அளவு பார்த்துப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 100 இலை. அப்பா, அம்மா, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் எழுதிய பெயர்களைக் கூட்டினால் 600-ஐத் தொட்டது. நானும் தம்பியும் உட்கார்ந்து அடித்தோம். ஊரில் இருக்கும் தூரத்துப் பங்காளிகள், "வருஷத்துக்கு ஒரு தடவை கூடப் பேசுவதில்லை" என்று நாங்கள் நினைத்தவர்கள், மொத்தமாகப் போனார்கள்.

பத்திரிகை வைக்க ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம், அடித்த பட்டியலில் இருந்த ஒரு சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். கோபமாக வரவில்லை. மஞ்சள் பையில் இருந்து அவர் வீட்டு மொய் நோட்டை எடுத்தார், அவர் மகள் கல்யாணத்தில் அப்பா 5,001 எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். "அண்ணே, இதை நான் எங்க வந்து கட்டுறது?" என்று கேட்டார். அவ்வளவுதான். அப்பா பதில் சொல்லவே இல்லை, காப்பி போடு என்றார் என்னிடம்.

நாங்கள் சாப்பாட்டுக்குத் தலை எண்ணிக்கொண்டிருந்தோம், அவர் கடன் தீர்க்க இடம் கேட்டு வந்திருக்கிறார். இது இன்னும் உறுத்துகிறது. உங்கள் வீட்டில் இப்படி யாரையாவது குறைக்க வேண்டி வந்தபோது எப்படிச் செய்தீர்கள்?

மொய் மேசைக்காரர்

உசிலம்பட்டிப் பக்கம் பல வருஷமாக மொய் எழுதுகிறேன். இந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவதை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் அப்பா ஏன் பேசவில்லை என்பது புரிகிறது.

முதலில் மண்டபக் கணக்கு. நாற்காலியை எண்ணாதீர்கள், பந்தியை எண்ணுங்கள். 100 இலை, பரிமாறி எழுந்து துடைத்து அடுத்த இலை விழ முக்கால் மணி என்று வையுங்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு பந்தி, 400 பேர். ஐந்தாவது பந்தியை நம்பக் கூடாது. அதற்குள் சாம்பார் தண்ணீர் ஆகிவிடும், வேலைக்குப் போகிறவன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிடுவான், அதுவும் ஒரு மனத்தாங்கல்.

அடுத்தது, பெயரை எழுதாமல் தலைக்கட்டை எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது அவர்கள் யார் என்பதைப் பொறுத்தது. போன தையில் சோழவந்தான் பக்கத்து வீடு ஒன்றுக்கு இப்படித்தான் போட்டோம். தாய்மாமன், அத்தை, உடன்பிறந்த பங்காளி, சம்பந்தி வழி என்று 60 வீடு. அவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், வீட்டுக்கு நாலு என்றால் 240. வெறும் செய்முறைப் பழக்கம் உள்ள ஊர் வீடுகள் 120. அவற்றில் பாதி ஒற்றை ஆள், பாதி ஜோடியாக வரும், ஆக 180. வேலை இடம், நண்பர்கள் 80 வீடு, இரண்டிரண்டாக 160. மொத்தம் 580. அந்த மண்டபமும் உங்களுடையது மாதிரி 400 தான்.

இதில் எந்த இடத்தில் கை வைப்பது? ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினால் அங்கேதான் சண்டை. ஒரே படியில் நிற்கிறவர்களில் நாலு பேருக்குப் பத்திரிகை போய், ஐந்தாவது ஆளுக்குப் போகவில்லை என்றால் அவர் மண்டபம் சின்னது என்பதை நம்ப மாட்டார். படியோடு விட்டால் நம்புவார். அதனால் அந்த 120 வீட்டையும் ஒரு பெயர் விடாமல் அப்படியே எடுத்து, கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் கறி விருந்து, மொய் மேசையும் அங்கேதான் என்று வைத்தோம். வேலை இடத்தில் ஒரே பிரிவில் இருப்பவர்கள், பழைய நண்பர்கள் சிலர் என்று 45 வீட்டோடு நிறுத்தினோம். 240-ம் 90-ம் 330. மீதி 70 இலை காலியாக இருக்கட்டும் என்று விட்டதுதான் முக்கியம். தாய்மாமன் கூட வரும் வேனில் யார் ஏறுவார்கள் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

உங்கள் சித்தப்பாவுக்கு வேண்டியது இலை இல்லை, மேசை. அதை எங்கே போடுகிறீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் நோட்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

மேலூர் மாப்பிள்ளை

இவ்வளவு கணக்கு எதற்கு அண்ணே? நாங்கள் மொய் நோட்டைத் திறந்தோம், யார் நமக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் பத்திரிகை. நமக்கும் அவர்களுக்கும் நோட்டில் ஒன்றும் இல்லை என்றால் இல்லை. இதைவிட நியாயமான வழி சொல்லுங்கள் பார்ப்போம். நோட்டு யார் பக்கமும் சாயாது. மீனாட்சி கல்யாணத்துக்கே வரிசையில் நின்று மொய் எழுதுகிற ஊரில் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வாடிப்பட்டி மதினி

மாப்பிள்ளைத் தம்பி, நோட்டு சாயாது, சரி. ஆனால் நோட்டில் எல்லாம் இருக்காது. என் மாமனார் வீட்டில் இதே வழியில்தான் கொழுந்தன் கல்யாணத்துக்குப் பட்டியல் போட்டார்கள். என் நாத்தனார் பிரசவத்துக்கு மூன்று மாதம் வந்து தங்கிப் பார்த்துக்கொண்ட ஒரு அத்தை இருக்கிறார். புருஷன் இல்லாதவர், எந்த விசேஷத்துக்கும் ஐம்பது நூறு கூட எழுதியதில்லை, எழுத முடியாது. நோட்டில் அவர் பெயரே இல்லை, அதனால் பட்டியலிலும் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் அவரே வந்து பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை வந்ததா என்று அவரிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நான் அவர் கூட உட்கார்ந்து உரித்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை இரண்டு பேரும்.

இன்னொன்று. நோட்டு பழசு. அதில் "கருப்பட்டிக்கார அண்ணன்" என்று ஒரு பெயர் இருக்கும். அந்த அண்ணன் போய்ச் சேர்ந்து, மகன்கள் பாகம் பிரித்து மூன்று தலைக்கட்டு ஆகியிருப்பார்கள். செய்முறையை எந்த மகன் ஏற்றுக்கொண்டார் என்று தெரியாமல் மூத்தவருக்கு மட்டும் பத்திரிகை வைத்தால், ஏற்றுக்கொண்ட சின்னவர் வெளியே நிற்பார். நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் உள்ள வயசான பொம்பளையிடம் கேளுங்கள். எங்கள் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர், இதெல்லாம் மனப்பாடம்.

மேலூர் மாப்பிள்ளை

அத்தை விஷயம் ஒத்துக்கொள்கிறேன் மதினி. அப்படிப்பட்டவர்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்கு எத்தனை இடம்? பத்து என்று சொன்னால் பத்தில் யார் என்று மறுபடி சண்டை. நோட்டை விட்டால் வேறு அளவுகோல் இல்லை என்றுதான் இன்னும் சொல்வேன்.

கூடல்நகர்

எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வரவில்லை. கல்யாணம் 2020-ல். 50 பேர்தான் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, இரண்டு பக்கமும் இருபத்தைந்து, முடிந்தது. ஒருத்தரும் கோபப்படவில்லை. ஆனால் போனிலேயே மொய் அனுப்பின ஒரு பெரியப்பா கீழே "சாப்பாடு எப்ப?" என்று போட்டிருந்தார். விளையாட்டுக்குப் போட்டார் என்று நினைத்தேன். இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

அனுப்பானடி ஓய்வு வாத்தியார்

என் அனுபவம் சின்னது. என் மகன் வரவேற்புக்கு வராதே என்று யாரையும் சொல்லவில்லை, ஆனால் ஒரு மைத்துனர் குடும்ப வாட்ஸப் குழுவில் பத்திரிகையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அழைக்காத முப்பது வீடு அதில் இருந்தது. அத்தனை பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். யார் அழைக்கப்பட்டவர், யார் இல்லை என்று எனக்கே தெரியாமல் மண்டப வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் சொல்கிறேன், கேட்கவில்லை என்றாலும். குறைத்த பட்டியலோடு கல்யாணம் செய்கிறவர் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் இரண்டு பத்திரிகையாக அடிக்க வேண்டும். மண்டபத்துக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று. ஒரே பத்திரிகையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு "நீங்கள் விருந்துக்கு மட்டும் வாங்க" என்று வாயால் சொன்னால் அது அவமானம். தனிப் பத்திரிகை கையில் இருந்தால் அதுவும் ஒரு அழைப்பு. வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைக்க வேண்டும், மண்டபத்துக்கு அழைப்பவர்களுக்குப் போனில் சொன்னாலும் பரவாயில்லை, விருந்துக்கு மட்டும் அழைப்பவர் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கக் கூடாது. வரிசையும் உண்டு. குலதெய்வத்துக்கு வைத்து, தாய்மாமனுக்குத் தட்டோடு வைத்து, அடுத்து நேராக விருந்துப் பட்டியல்காரர்களிடம் போங்கள். மண்டபப் பட்டியலை வைத்து முடித்துவிட்டுக் கடைசியில் போனால், அதற்குள் டீக்கடையில் எல்லாம் தெரிந்திருக்கும். போனதும் காரணத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், மண்டபம் 400 பேர்தான் கொள்ளும், நம்ம தெருவில் யாரையும் அங்கே கூப்பிடவில்லை, எல்லோருக்கும் ஊரில் சாப்பாடு என்று. அதற்கு மேல் விளக்கம் கொடுத்தால் பொய் மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு வரி உண்மையாகவும் இருக்க வேண்டும். தெருவில் ஒருத்தரை ரகசியமாகக் கூப்பிட்டிருந்தால் போச்சு. மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதையே முதலில் பேசுங்கள், அவர்கள் அதே தெருவில் ஒருவரைக் கூப்பிட்டு நம் வார்த்தையைக் கெடுத்துவிடக் கூடாது.

திருமங்கலத்து அக்கா

வாத்தியார் சார், கடைசியில் நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் போனோம். மஞ்சள் பையோடு வந்த சித்தப்பாவை மட்டும் மண்டபத்துக்குச் சேர்க்கலாம் என்று தம்பி சொன்னான். மொய் மேசைக்காரர் சொன்ன அதே காரணத்துக்காக அப்பா வேண்டாம் என்றார், அவரைச் சேர்த்தால் அவர் படியில் இன்னும் பதினாறு வீடு இருக்கிறது. ஊரில் கறி விருந்து வைத்தோம், மேசை போட்டோம். சித்தப்பா முதல் ஆளாக வந்து பழைய 5,001-ஐக் கழித்து அதற்கு மேல் புதுசாக 2,000-மும் சேர்த்து எழுதினார். நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனால் அவர் மனைவி வரவில்லை. அது முழங்கால் வலியா வேறு எதுவுமா என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. இப்போது அம்மா, தன் ஊர்க்காரர்களுக்கும் ஒரு கறி விருந்து வைக்க வேண்டும் என்கிறார். ஒரு படிக்கு ஒரு நியாயம் என்றால் அம்மா ஊரும் அதே படிதானே என்று கேட்கிறார், பதில் இல்லை.

மொய் மேசைக்காரர்

அம்மா கேட்பது சரிதான், வைத்துவிடுங்கள். ஆனால் ஆவணிக்குள் வையுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் பாதி வீட்டில் கறி சமைக்க மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள், சாம்பார் வைத்தால் கறி விருந்து என்று சொல்லிவிட்டு என்ன இது என்பார்கள். ஐப்பசிக்குத் தள்ளின ஒரு வீட்டில் அதற்குள் மூன்று பேர் வேறு விசேஷத்தில் வைத்து மொய்யைக் கையில் கொடுத்துவிட்டார்கள், அது எந்த நோட்டிலும் ஏறாமல் இப்போது யார் கொடுத்தது, எவ்வளவு என்று தகராறு.