வேர்க்குரு: பத்து நாள் கழித்து ஒரு புதுப்பிப்பு

"சென்னை வெயிலில் முதுகெல்லாம் வேர்க்குரு. தினமும் மூன்று தடவை பவுடர் போட்டும் அடங்கவில்லை. என்ன செய்வது?" என்று பத்து நாள் முன்பு இங்கே கேட்டிருந்தேன்; நீங்களும் பதில் எழுதினீர்கள்.

இப்போது முதுகு பெரும்பாலும் சரியாகிவிட்டது. நர்ஸ் அக்கா ஒருவர் எழுதியதுதான் உதவியது: வியர்வையில் நனைந்த பவுடர் மாவுபோலக் குழைந்து, ஏற்கெனவே அடைபட்ட வியர்வைத் துளைகளை இன்னும் அடைக்கும். பவுடரை நிறுத்தினேன். பருத்தியும் நனைந்தபின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். அதனால் அலுவலகம் போனதும் பனியனை மாற்றி, ஈரத்துணியால் முதுகை ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் பத்து நிமிடம் காயவிடுகிறேன். இரவில் கேலமைன் மட்டும். நான்காம் நாளே ஊசி குத்துவதுபோன்ற அரிப்பு நின்றது.

நுங்கு தடவச் சொன்ன அண்ணா, குளிர்ச்சி உண்மைதான். ஆனால் கழுவாமல் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் தடித்துப் பரவுவதாக எழுதிய தம்பிக்கு: அது வேர்க்குரு மாதிரி இல்லை, படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசினால் அரிப்பு குறைந்தாலும், படர்தாமரை பரவிக்கொண்டே போகும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு முதுகுப்பை அழுத்தும் இடத்தில் மட்டும் இன்னும் நாலைந்து குரு இருக்கிறது. நாளையிலிருந்து பையை வண்டியின் முன்பக்கம் வைத்துப் பார்க்கிறேன்.