இன்னர் டெரிவேட்டிவ்: உள்பெருக்கியா, உள்வகைக்கெழுவா?

முரளி:
எல்லாருக்கும் வணக்கம். செயின் ரூலுக்கு சங்கிலி விதின்னு பாடநூல்லயே இருக்கு, அதுல பிரச்சனை இல்ல. ஆனா பசங்க மறக்குறது விதிய இல்ல, உள்ள இருந்து வர்ற இன்னர் டெரிவேட்டிவ்வ. sin(3x²)-ஐ வகையிடச் சொன்னா cos(3x²)-னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுறாங்க, 6x-ஐ அம்போன்னு விட்டுட்டு. விடைத்தாள் ஓரத்துல எழுத ஒத்த வார்த்தை வேணும். 'உள்பெருக்கி' எப்படி? தொகையிடும்போது அதாலயே வகுத்துட்டா போச்சு, ரெண்டு பக்கமும் உதவும்.

செல்வி:
முரளி சார், அந்தக் கடைசி வரிதான் உதைக்குது. உள்ள 3x+5 மாதிரி நேரியலா இருந்தா மட்டும்தான் வகுக்கலாம், ஏன்னா அப்ப வர்றது வெறும் எண். ∫e^(x²)dx-க்கு e^(x²)/(2x) + C-னு எழுதுறவங்க இப்படி வகுத்துதான் மாட்டுறாங்க. திருப்பி வகையிட்டுப் பாருங்க, கீழ இருக்கற 2x-ம் மாறுதில்லையா, அதனால e^(x²) − e^(x²)/(2x²) வருது, x=1 போட்டா e வரவேண்டிய இடத்துல e/2, சரிபாதி. அந்தத் தொகைய நமக்குத் தெரிஞ்ச அடிப்படைச் சார்புகள வெச்சு எழுதவே முடியாது. பெருக்கின்னு பேர் வெச்சா வகுக்கத்தான் கை போகும். 'உள்வகைக்கெழு'ன்னு சொன்னா அதுவும் x-ஓட மாறும்னு உறைக்கும்.

ஜோசப்:
அதெல்லாம் இருக்கட்டுங்க, +C போடலன்னு என் பையனுக்கு மார்க் கட். முதல்ல அதுக்கு ஒரு பேர் வைங்க. ஒரு எழுத்துக்குப் போய் மார்க்கா? வரையறுத்த தொகையில கழிஞ்சு போறதுதானே அது?

செல்வி:
அண்ணே, அங்க கழியும், சரிதான். ஆனா dy/dx = y, y(0) = 3-னு குடுத்தா? ln y = x-னு C இல்லாம எழுதி, y = e^x ஆக்கி, அப்புறம் ஞாபகம் வந்து y = e^x + C-னு ஒட்டுறாங்க. C = 2-னு வருது, y(0) = 3-ம் பொருந்துது, சரின்னு நம்பிடுறாங்க. சமன்பாட்டுல போட்டாதான் குட்டு உடையுது, இடப்பக்கம் e^x, வலப்பக்கம் e^x + 2. தொகையிட்ட வரியிலயே C போட்டிருந்தா அது அடுக்குல ஏறி பெருக்கலா மாறி y = 3e^x வந்திருக்கும். போடாம விட்டதுக்கும் லேட்டா போட்டதுக்கும் ஒரே பேர் சரிப்படாது, ரெண்டாவதுக்கு 'பிந்திய மாறிலி'ன்னு வைக்கலாம்.

முரளி:
பிந்திய மாறிலி கேட்டா ஏதோ பஸ்ஸ விட்டவன் மாதிரி இருக்கு, ஆனா புரியுது. உள்வகைக்கெழுவுக்கும் நான் சரி. ஒண்ணுதான் இடிக்குது, sin²(3x) மாதிரி மூணு அடுக்கு வந்தா 2 sin(3x) cos(3x) வரைக்கும் எழுதிட்டு 3-ஐ விடுறாங்களே, அப்ப cos(3x)-தான் உள்வகைக்கெழுவா, 3-ஆ, இல்ல ரெண்டும் சேர்ந்தா?