சித்திக்கு விதவை ஓய்வூதியம்: ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மறுமுறை கிடைத்த அனுபவம்

சரவணன்:

என் சித்தப்பா 2023 நவம்பரில் பெங்களூரில் கொத்து வேலையில் இருந்தபோது நெஞ்சு வலி வந்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ததால், இறப்பையும் எங்கள் ஊரிலேயே பதிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். எங்கள் ஊராட்சிக்குக் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவாளர். இறப்பு எந்த எல்லையில் நேர்ந்ததோ அங்குதான் பதிய முடியும் என்று அவர் சொன்ன பிறகே எங்களுக்கு விஷயம் புரிந்தது. நல்லவேளையாக மருத்துவமனையே பதிவுக்கு அனுப்பியிருந்தது. ஆனால், சேர்க்கும்போது மேஸ்திரி சொன்ன பெயரே சான்றிலும் ஏறிவிட்டது. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் 'கணேசமூர்த்தி', இறப்புச் சான்றில் வெறும் 'கணேஷ்'. அதைத் திருத்த இரண்டு முறை பெங்களூர் போய்வந்தேன்.

சித்திக்கு அப்போது 38 வயது. மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், 19 வயது; மகள் பத்தாம் வகுப்பு. இ-சேவை மையத்தில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்றினோம். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தார், பிறகு வருவாய் ஆய்வாளரும் வந்தார். இரண்டு மாதம் கழித்து, 'ஆண் வாரிசு உள்ளார்' என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படித்துக்கொண்டிருக்கும் பையன் எப்படித் தாயைக் காப்பாற்றுவான் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாலிடெக்னிக்கில் இருந்து படிப்புச் சான்று வாங்கி, நிராகரிப்பின் நகலை இணைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மீண்டும் இ-சேவையிலும் விண்ணப்பித்தோம். இம்முறை வருவாய் ஆய்வாளர் சமையற்கட்டு வரை வந்து பார்த்துவிட்டு, 'அடுப்பு ஒன்றுதானா, மாமியார் தனியாகப் பொங்குகிறாரா' என்று கேட்டார். 2024 ஆகஸ்டில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் ஆணை வந்தது. மாதம் 1,200 ரூபாய். இதே வழியில் போனவர்கள் தங்களுக்கு எங்கே தடைபட்டது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மாலதி:

உங்கள் சித்திக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பதே எனக்கு வியப்பாக உள்ளது. 40 வயது நிறைந்திருந்தால்தான் விதவை ஓய்வூதியம் என்று எங்கள் ஊராட்சி எழுத்தர் தெளிவாகச் சொன்னார். என் அக்காவுக்கு 36 என்பதால் நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. மேலும் ஆதரவற்ற விதவைச் சான்றைக் கோட்டாட்சியரிடம் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன்.

பழைய ஆர்.ஐ.:

நான் வருவாய் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாலதி அம்மா சொன்னதில் பாதி சரி. 40 வயது என்பது இந்திரா காந்தி பெயரில் 2009-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்துக்கு உரியது. அதற்கு வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். மாநில அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975-இலிருந்தே இருக்கிறது, அதற்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும். இரண்டிலும் கையில் கிடைக்கும் தொகை ஒன்றுதான். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பது அலுவலகத்தின் வேலை, ஆனால் எழுத்தர்கள் பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டு வயதைச் சொல்லியே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் அக்கா விண்ணப்பிக்கட்டும்.

கோட்டாட்சியர் தரும் ஆதரவற்ற விதவைச் சான்று, பெரும்பாலும் அரசு வேலைக்கான முன்னுரிமை கேட்பவர்கள் வாங்குவது. வட்டாட்சியர் அளவில் தரப்படும் விதவைச் சான்று வேறு. இவள்தான் இறந்தவரின் மனைவி என்பதைக் காட்டத்தான் ஓய்வூதியத்துக்கு அதுவோ வாரிசுச் சான்றோ கேட்கப்படுகிறது. இறப்புச் சான்றே போதாதா என்று பலர் கோபப்படுவார்கள். ஆண் இறந்தால் அந்தச் சான்றில் பொதுவாக அவருடைய தந்தை, தாய் பெயர்தான் இருக்கும். மனைவி யாரென்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரவணனின் வழக்கில் நிராகரிப்பு அவசரப்பட்டது என்பதே என் கருத்து. வாரிசுச் சான்றில் 19 வயது மகன் பெயரைப் பார்த்தவுடன் எழுதியிருப்பார்கள். விசாரணை அறிக்கையில் எழுத வேண்டியது, அந்த மகன் சம்பாதிக்கிறானா, தாயைப் பராமரிக்கிறானா என்பது. படிப்புச் சான்றை முதல் விண்ணப்பத்திலேயே இணைத்திருந்தால் அறிக்கை எழுதுபவருக்கு அந்த வசதி இருந்திருக்கும்.

சரவணன்:

ஐயா, இன்னொரு சந்தேகம். முதல் விசாரணையில் நிலத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. சித்தப்பாவும் அவருடைய மூன்று அண்ணன் தம்பிகளும் சேர்ந்து 40 சென்ட் கூட்டுப் பட்டா வைத்திருக்கிறார்கள். சொத்து ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். எங்கள் பகுதியில் வழிகாட்டி மதிப்பு சென்ட்டுக்கு 15,000 ரூபாய்.

பழைய ஆர்.ஐ.:

சிட்டாவில் 40 சென்ட் என்று பார்த்துவிட்டு அப்படியே பெருக்கினால் ஆறு லட்சம் வரும், மனு அங்கேயே முடிந்துவிடும். அப்படிக் கணக்கிடக் கூடாது. நால்வரில் உங்கள் சித்தப்பாவின் பங்கு 10 சென்ட். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அந்தப் பத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடு இருக்கும் தாய் ஆகிய நால்வருக்கும் சமபங்கு. சித்திக்கு வருவது இரண்டரை சென்ட், அதாவது 37,500 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கூட்டுப் பட்டா நகலோடும் வாரிசுச் சான்றோடும் வைத்துக் கொடுங்கள். நான் பணியில் இருந்தபோது இப்படி யாராவது எழுதிக் கொண்டுவந்தால் எனக்கே வேலை குறைந்தது.

வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை:

நிலம் பூர்வீகச் சொத்தாக இருந்தால் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, எனவே சித்தியின் பங்கு இதைவிடக் குறையும். எப்படியானாலும் வரம்புக்குள்தான் வரும் என்பதால் இங்கே அந்த விவாதம் தேவைப்படவில்லை.

கலைச்செல்வி:

என் நிலையும் இதேதான் என்பதால் எழுதுகிறேன். என் கணவர் ஆறு வருடங்களுக்கு முன்பு வீட்டை விட்டுப் போனார். திருப்பூரில் வேறொரு பெண்ணோடு இருப்பதாக உறவினர்கள் சொல்கிறார்கள். ஏழு வருடம் முடிந்தால் இறந்ததாகக் கருதி இறப்புச் சான்று வாங்கலாம் என்றார்கள். இன்னும் ஒரு வருடம் காத்திருந்து விதவை ஓய்வூதியத்துக்கு எழுதலாமா?

பழைய ஆர்.ஐ.:

அம்மா, உங்கள் நிலை வேறு. ஏழு ஆண்டு என்பது, உயிரோடிருந்தால் யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லாதபோதுதான் பொருந்தும். அதற்கும் உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும், நாள்காட்டியைப் பார்த்துத் தானாக வந்துவிடாது. உங்கள் கணவர் இருக்கும் ஊரே தெரிகிறது. விதவை என்று எழுதிக் கொடுத்தால் பொய் உறுதிமொழி ஆகிவிடும்.

ஆனால் நீங்கள் காத்திருக்கவே தேவையில்லை. கணவரால் கைவிடப்பட்ட ஆதரவற்ற பெண்களுக்கு மாநில அரசின் தனி ஓய்வூதியம் உண்டு. 30 வயது நிறைந்திருக்க வேண்டும். விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவினை ஆணையோ இருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு ஆறாகிவிட்டது. அவர் போனபோது காவல் நிலையத்தில் கொடுத்த புகார் ரசீது, அவர் பெயர் நீக்கப்பட்ட குடும்ப அட்டை என எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். விசாரணையில் அக்கம்பக்கத்தார் வாக்குமூலமும் கேட்பார்கள்.

கலைச்செல்வி:

புகார் ஏதும் கொடுக்கவில்லை ஐயா. திரும்பி வந்துவிடுவார் என்று இருந்துவிட்டேன். குடும்ப அட்டையில் இன்னும் அவர்தான் குடும்பத் தலைவர்.

பழைய ஆர்.ஐ.:

பெயர் நீக்க அவருடைய ஒப்புதல் கேட்பார்களா என்பதை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். அதற்காக ஓய்வூதிய மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். கூப்பிடும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் உண்மையைச் சொன்னால் அறிக்கை எழுதலாம்.

தேவகி:

நான் எங்கள் பகுதிப் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறேன். பலர் இறப்புப் பதிவிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். வீட்டில் இறந்தவர்களுக்கு 21 நாட்களுக்குள் பதியாமல் விட்டுவிட்டு, நான்கைந்து வருடம் கழித்து ஓய்வூதியம் என்றதும் சான்றைத் தேடுகிறார்கள். ஓராண்டு கடந்துவிட்டால், பதிவு இல்லை என்ற சான்றைப் பதிவாளரிடம் வாங்கி, கோட்டாட்சியரிடம் மனுச் செய்து, அவருடைய ஆணை வந்த பிறகே பதிய முடியும். எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு இதற்கே எட்டு மாதம் ஆனது. சுடுகாட்டு ரசீதை அவர் ரவிக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்ததால்தான் இறந்த தேதியையே நிறுவ முடிந்தது.

சரவணனுக்கு ஒரு கேள்வி. சித்தப்பாவுக்கு 60 வயதுக்குள்தானே? குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தால், சம்பாதிப்பவர் இறந்ததற்கான தேசிய குடும்ப நல உதவி ஒருமுறைத் தொகையாக 20,000 ரூபாய் உண்டு. அதற்கு எழுதினீர்களா?

சரவணன்:

இல்லை, அது பற்றி யாருமே சொல்லவில்லை. இந்த வாரமே கேட்கிறேன்.

ஆணை வந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. பணம் தரும் வங்கி முகவர் விரல் ரேகைக் கருவியோடு வருவார். சித்தி செங்கல் சூளையில் வேலை பார்த்தவர், கட்டை விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. மூன்று முறை ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்தும் ஏறவில்லை. ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்து, முகவரிடம் மோதிர விரலை வைத்த பிறகுதான் முதல் மாதப் பணம் கைக்கு வந்தது. ஓய்வூதிய நிலுவையைக் கணக்கிடுவது விண்ணப்பித்த நாளிலிருந்தா, ஆணை தேதியிலிருந்தா என்று கேட்டதற்கு இரண்டு மேசைகளில் இரண்டு பதில் கிடைத்தது.

மாலதி:

என் அக்காவுக்கு எழுதப் போகிறேன், ஆனால் ஒரு தயக்கம். அவளுக்கு இப்போது மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. ஓய்வூதியம் வாங்குபவருக்கு அது கிடையாது என்கிறார்கள். அப்படியானால் இத்தனை அலைச்சலுக்கும் கூடுவது 200 ரூபாய்தானே?

சரவணன்:

சித்திக்கும் அதுதான் நடந்தது. ஓய்வூதியம் ஏறிய சில மாதங்களில் உரிமைத் தொகை நின்றுவிட்டது.

தேவகி:

ஒரே பெண் இரண்டையும் வாங்க முடியாது என்பதுதான் விதி. அதே வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் இருந்தால் உரிமைத் தொகையை அவர் பெயரில் கேட்கலாம். மாலதியின் அக்கா வீட்டில் அப்படி யாரேனும் உண்டா?

மாலதி:

அக்காவும் ஏழு வயதுப் பையனும்தான்.