"1,200 டெஸ்ட் கேஸ், 184 பக்": டெஸ்டர் ரெஸ்யூமில் இந்தக் கணக்கு நிக்குமா?

செல்லூர்ப்பையன்
வடபழஞ்சி பக்கம் சின்ன கம்பெனி, ஜவுளி மொத்தக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர், மூணு வருஷமா டெஸ்டிங். ரெஸ்யூமில இப்படி இருக்கு: "1,200 டெஸ்ட் கேஸ் எழுதினேன். 184 பக் கண்டுபிடிச்சேன். 80% ஆட்டோமேஷன். செலினியம், டெஸ்ட்என்ஜி, ஜென்கின்ஸ் தெரியும்." ஒரு கால் கூட வரல. எதை மாத்தணும்?

வாசு_தெப்பக்குளம்
நம்பரை எடுத்துறாத தம்பி. ரெஸ்யூமை முதல்ல பாக்குறது ஹெச்ஆர், டெஸ்டிங் லீட் இல்ல. நௌக்ரியில "செலினியம் ஜாவா 3 வருஷம்"னு தேடி, வர்ற நூறு பேரைச் சரசரன்னு தள்ளிட்டே போவாங்க. அதுல கண்ணுல படுறது நம்பரும் டூல் பேரும்தான். அதோட "டிஃபெக்ட் லீக்கேஜ் 0%"னு ஒரு வரி போடு, எடுப்பா இருக்கும்.

மீனா_க்யூஏ
டூல் பேர் விஷயத்துல வாசு அண்ணன் சொல்றது சரி. மத்ததுல இல்ல.

1,200ங்கறது எழுதுற ஆளோட பழக்கத்தைச் சொல்லுது, வேலையைச் சொல்லல. தள்ளுபடிக் கட்டத்துல 20 விதமான மதிப்பு போட்டுப் பாக்கணும்னு வைங்க. ஒருத்தர் அதை எக்செல்ல 20 கேஸா எழுதுவாரு. இன்னொருத்தர் ஒரே கேஸ், 20 வரி டேட்டான்னு முடிச்சிருவாரு. சோதனை ஒண்ணுதான், கணக்கு மட்டும் 20 மடங்கு. இன்டர்வியூ எடுக்குற எல்லாருக்கும் இது தெரியும்.

அந்த 0% இன்னும் மோசம். "லைவ்ல ஒண்ணுமே வரலையா, இல்ல வந்ததை யாரும் எண்ணலையா?"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

செல்லூர்ப்பையன், மூணு விஷயம் சொல்லுங்க. 184ல டெவலப்பர் ஏத்துக்கிட்டது எத்தனை? லைவ் போனப்புறம் உங்க மாட்யூல்ல வந்தது எத்தனை? 80%ங்கறது எதுல 80%?

செல்லூர்ப்பையன்
அக்கா, 184ல 9 டூப்ளிகேட், இல்லன்னா திரும்ப வராததுன்னு மூடிட்டாங்க. மிச்சம் 175. ஆறு ரிலீஸ்லயும் லைவ் போய் 30 நாளுக்குள்ள வந்தது மொத்தம் 7. என் மாட்யூல் பில், ரிட்டர்ன், ஜிஎஸ்டி. அதுக்கு நான் மட்டும்தான் டெஸ்டர். ரெக்ரெஷன்ல 240 கேஸ், ஆட்டோமேட் ஆனது 150. 80% சும்மா குத்துமதிப்பா போட்டது.

மீனா_க்யூஏ
அப்ப 150ஐ 240ஆல வகுத்தா 62.5%. அதையே போடுங்க, 80ஐ விட இதை நம்புவாங்க.

லீக்கேஜுக்கு 7ஐ 175ஆல வகுக்காதீங்க, நிறைய பேர் சறுக்குற இடம் அது. கீழே வரவேண்டியது முன்னாடி பிடிச்சதும் பின்னாடி வந்ததும் சேர்ந்த 182. விடை 3.8% சொச்சம். 30 நாள்ங்கற வரம்பையும் சேர்த்து எழுதுங்க. 90 நாள் எடுத்தா எண்ணிக்கை ஏறலாம், வருஷக் கடைசிக் கணக்கு முடிக்கும்போது மட்டும் தலைகாட்டுற பக் அதுலதான் வரும்.

கம்பெனியில இருக்கும்போதே ஜிராவுல எண்ணிக்கையை எடுத்து வச்சுக்கங்க:

```
project = BILL AND issuetype = Bug
AND reporter = currentUser()
AND resolution in (Duplicate, "Cannot Reproduce")
```

`BILL` இருக்குற இடத்துல உங்க ப்ராஜெக்ட் கீ. கடைசி வரி இல்லாம ஓட்டினா மொத்தம், அதோட ஓட்டினா தள்ளுபடியானது. "Won't Do"வை இதுல சேர்க்காதீங்க. அது பக் இல்லைன்னு அர்த்தமில்ல, இப்போதைக்குச் சரி பண்ணப் போறதில்லைன்னு அர்த்தம். எண்ணிக்கை மட்டும் போதும். ஸ்கிரீன்ஷாட், வாடிக்கையாளர் பேரு எதையும் வெளிய கொண்டு போகாதீங்க.

வாசு_தெப்பக்குளம்
3.8% வெளிய கசிஞ்சுதுன்னு நாமளே வாக்குமூலம் குடுக்கணுமா? பக்கத்து ரெஸ்யூம்ல 0%னு இருந்தா ஹெச்ஆர் எதைத் தூக்குவாரு?

கோரிப்பாளையத்தார்
எனக்கும் அந்த வரி வேணாம்னுதான் படுது, காரணம் வேற. லைவ்ல பக் வர்றதுக்கு டெஸ்டர் மட்டுமா காரணம்? ரிலீஸுக்கு முந்தின ராத்திரி டெவலப்பர் கோடை மாத்திட்டு ஏத்துவாரு, டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் ஓடாம நின்னிருக்கும். டீமோட விளைவை ஒரு ஆள் ரெஸ்யூம்ல ஏத்தறது, நல்லதோ கெட்டதோ, நியாயம் இல்ல. அதுக்குப் பதிலா ஒரே ஒரு பக்கை நல்லா எழுதுங்க.

ரேகா_90
நான் பிகாம், காளவாசல்ல ரெண்டு மாச கோர்ஸ் படிச்சிட்டிருக்கேன். கோர்ஸ்ல எழுதின 60 டெஸ்ட் கேஸைப் போடலாமா? செலினியமா ப்ளேரைட்டா, எதைப் படிக்கிறது?

மீனா_க்யூஏ
ரேகா, 60ங்கற எண்ணிக்கை வேணாம். கிட்ஹப்ல போட்டு லிங்க் குடுங்க, ஆனா "பயிற்சி ப்ராஜெக்ட்"னு தெளிவா எழுதுங்க. அனுபவம் மாதிரி காட்டினா மாட்டிக்குவீங்க. டூல் சண்டைக்குத் தனி இழை போடுங்க. பிகாம் படிச்சவங்க பில்லிங் டெஸ்டிங்ல மத்தவங்களை விட முன்னாடி நிப்பீங்க, செல்லூர்ப்பையன் ஒரு பக்கை எழுதினதும் பாருங்க, புரியும்.

கோரிப்பாளையத்தார் சொன்னது பாதி சரி. பல டெஸ்டர் இருக்குற டீம்னா நானும் அந்த வரியை எடுக்கத்தான் சொல்வேன். இவர் தனி ஆளு, மாட்யூல் பேரோட எழுதினா நிக்கும்.

செல்லூர்ப்பையன்
ஒரு பக்: 33.33 ரூபா சாமான் மூணு, 5% ஜிஎஸ்டி. பில்லுல வரி 4.98, லெட்ஜர்ல 5.00. மூணு தடவை டூப்ளிகேட்னு மூட வந்தாங்க, விடல.

கோரிப்பாளையத்தார்
இதைத்தான் கேட்டேன்! தமிழ்நாட்டுக்குள்ள விக்கிறதால சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5%. பில் ஒவ்வொரு சாமானுக்கும் தனியா ரவுண்ட் பண்ணுது: 33.33க்கு 2.5% 0.83325, அது 0.83 ஆயிருது. மூணுக்கு 2.49, ரெண்டு வரியும் சேர்ந்து 4.98. லெட்ஜர் 99.99க்கு மொத்தமா போடுது: 2.50, ரெண்டும் சேர்ந்து 5.00. ஒரு பில்லுக்கு ரெண்டு பைசா, மாசக் கடைசியில ரிட்டர்னும் புத்தகமும் ஒட்டாது. எந்த நிலையில பிடிச்சீங்க, எதனால வந்துச்சு, யாருக்கு என்ன ஆயிருக்கும்னு ரெண்டே வரியில எழுதுங்க. 184ங்கற நம்பரை விட இது பேசும்.

வாசு_தெப்பக்குளம்
சரிப்பா, இது நல்லாருக்கு. ஆனா ஆட்டோமேஷனுக்கு "3 நாள் ரெக்ரெஷன் 50 நிமிஷமாச்சு"ன்னு போடு, அடிச்சுத் தூக்கும்.

மீனா_க்யூஏ
அங்கதான் மாட்டுவாரு. 240 கேஸ் 3 நாள்னா நாளைக்கு 80. ஆட்டோமேட் ஆகாத 90 இன்னும் கையாலதானே ஓடுது? அதுக்கே ஒரு நாளுக்கு மேல ஆகும். அதுபோக காலையில ஃபெயில் ஆனதெல்லாம் நிஜ பக்கா, பக்கம் லோடாக லேட்டானதான்னு பிரிக்கணும். `Thread.sleep` போட்ட ஸ்கிரிப்ட்னா அந்தப் பிரிப்பு தினமும் உண்டு. "3 நாள் வேலை ஒன்றரை நாளானது"ன்னு எழுதினா யாரும் குடைய மாட்டாங்க.

செல்லூர்ப்பையன்
மாத்திட்டேன், ஆங்கிலத்துல போடுறதுக்கு முன்னாடி பாருங்க:

"பில், ரிட்டர்ன், ஜிஎஸ்டி மாட்யூல்களுக்கு ஒரே டெஸ்டர், 6 ரிலீஸ். பதிவு செய்தது 184, ஏற்கப்பட்டது 175. லைவ் போய் 30 நாளில் வந்தது 7. ரெக்ரெஷன் 240ல் 150 செலினியம்-ஜாவா, ஜென்கின்ஸில் இரவு ஓட்டம். 3 நாள் வேலை ஒன்றரை நாள். சாமான் வாரி ரவுண்டிங்கால் பில்லுக்கும் லெட்ஜருக்கும் வந்த 2 பைசா வித்தியாசத்தை ரிலீஸுக்கு முன் பிடித்தது."

கோரிப்பாளையத்தார்
எல்லாம் சரி. அந்த 7 மட்டும் இன்னும் உறுத்துது. நானா இருந்தா அதை எடுத்துட்டு, கேட்டா மட்டும் சொல்வேன்.

மீனா_க்யூஏ
நானா இருந்தா விடுவேன். ஆனா அந்த ஏழும் என்னென்ன, ஏன் டெஸ்டிங்ல சிக்கலைன்னு ஒவ்வொண்ணா சொல்லத் தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னா அண்ணன் சொன்னபடி எடுத்துருங்க.

செல்லூர்ப்பையன்
அஞ்சுக்குத் தெரியும்க்கா. மிச்சம் ரெண்டை நாளைக்கு ஜிராவுல தோண்டிப் பாக்குறேன்.