வெந்நீர் தண்ணீர் ஆகுமா?

வினாக்குறி:
'நீர்', 'தண்ணீர்' இரண்டும் ஒத்த சொற்கள் என்று ஒரு தேர்வில் எழுதினேன். திருத்தியவர் பாதி மதிப்பெண் போட்டு, "முழுக்க ஒத்தவை அல்ல" என்று ஓரத்தில் குறித்துவிட்டார். இரண்டும் ஒரே பொருள்தானே? முழுக்க ஒத்த சொற்கள் அபூர்வம் என்று வேறு சொல்கிறார்கள். அது எப்படி?

பழஞ்சுவடி:
திருத்தியவருக்கு நிகண்டு என்று ஒன்று இருப்பது தெரியாது போல. திவாகரத்தில் 12 தொகுதிகள். அதில் முதல் 10 தொகுதிகளும் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைச் சொல்பவைதான். ஞாயிறு, கதிரவன், பகலவன், பரிதி எல்லாம் வானத்தில் இருக்கிற அந்த ஒன்றைத்தான் காட்டுகின்றன. இதற்கு மேல் என்ன ஒற்றுமை வேண்டும்? ஒத்த சொல் அபூர்வம் என்பது தமிழுக்குப் பொருந்தாது.

சிற்றெறும்பு:
இதை ஒருபொருட்பன்மொழி என்று பள்ளியில் படித்தோமே. 'நடுமையம்', 'மீமிசை' மாதிரி. அதில் சேருமா?

கூழாங்கல்:
சிற்றெறும்பு, அது வேறு விஷயம். ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே சொல்லாக ஆள்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இங்கே கேள்வி, ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைக்க முடியுமா என்பது.

பழஞ்சுவடி ஐயா சொல்வதில் பாதி சரி. நான்கு பெயரும் ஒன்றைத்தான் சுட்டுகின்றன. ஆனால் 'பரிதிக் கிரகணம்' என்று யாரும் சொல்வதில்லை. கிழமைக்குப் பெயராக நிற்பது ஞாயிறு மட்டும்தான், கதிரவன் அங்கே போக முடியாது. நிகண்டு செய்யுள் எழுதுகிறவர்களுக்கு உதவியது. மோனைக்குப் 'ப' வேண்டுமென்றால் பகலவன், எதுகை வேறு கேட்டால் வேறு பெயர். அந்த வேலைக்குச் சுட்டும் பொருள் ஒன்றாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் அது போதாது.

இப்போது கேள்விக்கு. தண் + நீர் = தண்ணீர், அதாவது குளிர்ந்த நீர். வெம்மையான நீர் வெந்நீர். நீர் என்பது குடும்பப் பெயர். தண்ணீரும் வெந்நீரும் அதன் கீழே நிற்கும் இரண்டு வகைகள், அதுவும் ஒன்றுக்கொன்று எதிர். அப்படிப் பார்த்தால் தண்ணீர் முதலில் நீருக்கு ஒத்த சொல்லே இல்லை, நீரில் ஒரு வகை.

அப்புறம் வழக்கில் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. குளிர்ச்சி என்ற பொருள் தேய்ந்து, எல்லா நீருக்கும் அதுவே பெயரானது. அதனால்தான் 'சுடுதண்ணீர்' என்று கூசாமல் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் சூடான குளிர்நீர்! காய்ச்சாததைச் சொல்ல வேண்டுமென்றால் 'பச்சைத் தண்ணீர்' என்று புதிதாக ஓர் அடைமொழி தேட வேண்டியிருக்கிறது. முன்பு அந்த வேலையைத் 'தண்' பார்த்துக்கொண்டிருந்தது.

எண்ணெய்க்கும் இதே கதை. எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்ததற்கு மட்டும் இருந்த பெயர் எல்லா வகைக்கும் பரவி, மண்ணெண்ணெய் வரை போய்விட்டது. எள்ளின் எண்ணெய் தன் பெயரைப் பறிகொடுத்துவிட்டு 'நல்லெண்ணெய்' என்று வேறு பெயரில் நிற்கிறது.

பழஞ்சுவடி:
சொற்பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு. 'தண்' செத்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் இன்று நீரும் தண்ணீரும் ஒன்றுதான் என்று ஆகிறதே! உங்கள் வாதம் என் பக்கம்தான் வருகிறது.

மெய்ப்புப்பேனா:
என் அனுபவம் ஒன்று. ஓர் அறிவியல் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தேன். "எளிய நடையில் வேண்டும், 'நீர்' எல்லாவற்றையும் 'தண்ணீர்' ஆக்குங்கள்" என்றார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் கணினியில் தேடி மாற்று கொடுத்துவிட்டேன். வந்தது 'சிறுதண்ணீர்', 'தண்ணீர்வீழ்ச்சி', 'வெந்தண்ணீர்'. கண்ணீர் மட்டும் தப்பியது, அதில் எழுத்து 'ணீ' என்பதால். உள்ளே மேற்கோளாக இருந்த "நீர் சென்று வாரும்" என்ற வாக்கியமும் "தண்ணீர் சென்று வாரும்" ஆகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து கையால் திருத்தினேன்.

பழஞ்சுவடி:
கடைசியில் வந்தது முன்னிலைப் பெயர், அது வேறு சொல். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மெய்ப்புப்பேனா:
சரி, அதை விடுகிறேன். மற்ற மூன்றும்?

பழஞ்சுவடி:
அவை தொகைச்சொற்கள். உறைந்துபோனவை. தனியாக நிற்கும்போது ஒன்றுதான்.

கூழாங்கல்:
தனியாகவே நிறுத்திப் பார்ப்போம், ஐயா. இரண்டு சொற்கள் முழுக்க ஒத்தவை என்றால் இரண்டுக்கும் எதிர்ச்சொல்லும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லையா? "குளிக்கத் தண்ணீரா, வெந்நீரா?" என்று கேட்கலாம், யாருக்கும் உறுத்தாது. "குளிக்க நீரா, வெந்நீரா?" என்று கேட்டுப் பாருங்கள். 'உயிரினமா, பூனையா?' என்பது போல ஆகிவிடும். ஆக, இந்த ஒரு வாக்கியத்தில் 'தண்' இன்னும் சாகவில்லை. பொதுப்பெயராகவும் வகைப்பெயராகவும் ஒரே சொல் இரண்டு தட்டில் உட்கார்ந்திருக்கிறது. நீருக்கு அந்தக் கீழ்த்தட்டு கிடையாது.

எதிர்ச்சொல்லை வைத்துச் சோதிப்பது எனக்குப் பிடித்த வழி. 'பழைய', 'முதிய' இரண்டையும் பலர் ஒன்றாக எழுதுவார்கள். பழையதன் எதிர்ப்பக்கம் புதிய, முதியதன் எதிர்ப்பக்கம் இளைய. பழைய நண்பர் இருபது வயதுக்காரராகவும் இருக்கலாம்.

வினாக்குறி:
அப்படியானால் "வெந்நீர் ஒரு வகைத் தண்ணீர்" என்பது சரியா, தப்பா?

மெய்ப்புப்பேனா:
எனக்குச் சரியாகவே படுகிறது. வெந்நீர் கொட்டினால் "தண்ணீர் கொட்டிவிட்டது" என்றுதானே சொல்வோம்.

சிற்றெறும்பு:
எனக்கு இடிக்கிறது. வெந்நீர் கேட்டவருக்குப் பச்சைத் தண்ணீரைக் கொடுத்தால் "இது தண்ணீர், நான் கேட்டது வெந்நீர்" என்பார்.

கூழாங்கல்:
இரண்டு பேரும் தமிழைச் சரியாகத்தான் பேசுகிறீர்கள். இடத்தைப் பொறுத்து எந்தத் தட்டு என்பது மாறுகிறது.

ஏன் அபூர்வம் என்ற கேள்விக்கு என் கணிப்பு இது. ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள் வந்தால் ஒன்று வழக்கொழியும், அல்லது இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். அறிவியலும் தொகைச்சொற்களும் நீரிடம் போயின, குடிப்பதும் பேச்சும் தண்ணீரிடம் வந்தன. பங்கில் மரியாதையும் சேரும். 'செத்தது', 'இறந்தார்', 'காலமானார்' சொல்லும் செய்தி ஒன்றுதான். ஆனால் கொசு காலமாவதில்லை.

பழஞ்சுவடி:
கொசு என்றதும் நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழில் நுளம்பு என்பார்கள். கொசு, நுளம்பு! அதே பூச்சி, அதே கடி. மரியாதை வேறுபாடு இல்லை, தட்டு வேறுபாடு இல்லை. இதை எப்படி உடைப்பீர்கள்?

கூழாங்கல்:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இதை உடைக்க என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. இரண்டையும் தன் பேச்சில் மாற்றி மாற்றிச் சொல்கிற ஒரே ஆள் இருக்கிறாரா? நுளம்பு என்றதும் பேசுகிறவர் எந்த ஊர் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தகவலும் பொருளில் சேருமா என்பதில்தான் நாம் பிரிகிறோம்.

பழஞ்சுவடி:
ஊர் தெரிவது பேசுகிறவரைப் பற்றிய செய்தி. பூச்சியைப் பற்றியது இல்லை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வினாக்குறி:
அந்த அரை மதிப்பெண்ணைக் கேட்டுப் போகலாமா, வேண்டாமா?

மெய்ப்புப்பேனா:
கேட்கலாம். ஆனால் திருத்தியவர் "தண்ணீரா, வெந்நீரா?" என்று திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.